மழை நாளில் சரக்கு யாருடைய கையில் இருந்தது?

திருப்பூரின் பின்னலாடை வணிகத்தில் மழையால் நேரும் தாமதத்தை எடைபோடும்போது மழையின் அளவைவிட வேறு இரண்டு செய்திகளே தீர்ப்பை நிர்ணயிக்கின்றன: மழை பெய்த நாளில் சரக்கு எந்த இடத்தில் இருந்தது என்பது ஒன்று, அந்த இடத்தில் அதற்கு நேரும் தடைக்கு யார் பொறுப்பு என்று ஒப்பந்தம் முன்பே என்ன சொல்லியிருந்தது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பார்க்காமல், மழை இயற்கையின் செயல், ஆகவே விற்பவர்மேல் பழியில்லை என்று ஒரு தரப்பும், தேதி தவறினால் தவறியதுதான் என்று மறுதரப்பும் பேசிக்கொள்வதால்தான், சில நாள் தாமதம் பல ஆண்டு உறவை முறிக்கும் அளவுக்குப் போய்விடுகிறது.

2023 டிசம்பர் மாதம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அம்மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் வரலாறு காணாத மழை பெய்தது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டது, திருச்செந்தூர் ரயில் பாதை அரித்துச் செல்லப்பட்டது, ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு ஒரு ரயிலே சிக்கி நின்றது, தூத்துக்குடி நகரின் பல பகுதிகள் பல நாள் நீரில் கிடந்தன. திருப்பூரிலோ பின்னல் இயந்திரங்களும் தையல் இயந்திரங்களும் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தன. ஆயினும் திருப்பூரின் ஏற்றுமதிச் சரக்கில் பெரும்பகுதி தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியாகவே போகிறது என்பதால், 300 கிலோமீட்டருக்கு அப்பால் பெய்த மழை இங்குள்ள ஏற்றுமதியாளரின் கணக்கில் வந்து விழுந்தது.

தூத்துக்குடியிலிருந்து கிளம்பும் கன்டெய்னர்களில் பல நேராக ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ செல்வதில்லை. ஃபீடர் எனப்படும் சிறு கப்பலில் கொழும்பு வரை சென்று, அங்கே தாய்க்கப்பல் எனப்படும் பெருங்கப்பலுக்கு மாற்றப்படுகின்றன. துறைமுக வாசலை ஒரே நாள் பிந்தி அடையும் கன்டெய்னர் அந்த வார ஃபீடரைத் தவறவிட்டால், கொழும்பில் அதற்காக ஒதுக்கப்பட்ட தாய்க்கப்பலையும் தவறவிடுகிறது. சாலையில் இழந்த ஒரு நாள் கடலில் ஒரு வாரமாக வளர்வது இப்படித்தான். வாங்குபவர் இதை அறிந்திருந்தால், மழை விட்டு இரண்டு நாளாகியும் சரக்கு ஏன் கிளம்பவில்லை என்று ஐயப்பட மாட்டார்.

ஒரு கற்பனைக் கணக்கைக் கொண்டு இதைப் பார்க்கலாம். ஒன்றுக்கு 3 டாலர் வீதம் 30,000 டி-சர்ட்டுகளுக்கான ஆர்டர் ஒன்று, 90,000 டாலர் மதிப்புள்ளது, எஃப்.ஓ.பி. தூத்துக்குடி என்ற அடிப்படையில் எடுக்கப்பட்டிருக்கிறது. டிசம்பர் 20-க்குள் கப்பலில் ஏற்ற வேண்டும். முதல் ஏற்றுமதியாளர் 14-ஆம் தேதி பேக்கிங்கை முடித்து, 16 மாலை கன்டெய்னரை அனுப்புகிறார். 19-ஆம் தேதி ஃபீடரில் இடம் பதிவாகியுள்ளது. 17-ஆம் தேதி மழை வழியை அடைக்கிறது. கன்டெய்னர் 23-ஆம் தேதி துறைமுகத்துக்குள் நுழைந்து 26-ஆம் தேதி ஏற்றப்படுகிறது. இரண்டாம் ஏற்றுமதியாளருக்கும் அதே ஆர்டர், அதே தேதி. ஆனால் அவருக்கு நூல் பிந்தி வந்தது, சாய ஆலையிலிருந்து துணி 12-ஆம் தேதிதான் திரும்பியது, 17-ஆம் தேதி தையலே முடியவில்லை, 22-ஆம் தேதி பேக்கிங் முடிந்து அவரது சரக்கும் அதே 26-ஆம் தேதி கப்பலில் ஏறுகிறது. இருவரும் அனுப்பும் மின்னஞ்சலில் காரணம் ஒன்றே: தூத்துக்குடி வெள்ளம். முதலாமவருக்கு அது உண்மை. இரண்டாமவரின் சரக்கோ, வானம் வெளுத்திருந்தாலும் 20-ஆம் தேதிக்குள் போயிருக்காது.

வாங்குபவரின் திருப்பூர்ப் பிரதிநிதியான பையிங் ஆபீஸ் இந்த வேறுபாட்டை எளிதில் கண்டறியலாம். இறுதிச் சரக்குச் சோதனை நடந்த தேதி, கன்டெய்னர் மூடி முத்திரையிட்ட தேதி, லாரியின் இ-வே பில் உருவான நேரம், கப்பலில் இடம் பதிவான நாள் ஆகிய நான்கும் மழைக்கு முந்தியவையாக இருந்தால் தாமதம் மழையுடையது. அவை மழைக்குப் பிந்தியவையாக இருந்தால் தாமதம் ஆலைக்குள் முன்பே பிறந்துவிட்டது. ஆனால் சாய ஆலை இருக்கும் பகுதியிலேயே வெள்ளம் புகுந்திருந்தால் கணக்கு மாறும். அப்போது எந்தப் பணி எத்தனை நாள் நின்றது என்பதை அந்த ஆலையின் பதிவேட்டைக் கொண்டு காட்ட வேண்டியிருக்கும். காட்டப்பட்ட அத்தனை நாளுக்கு மட்டுமே சலுகை கேட்பது நேர்மையாகும்.

முதல் ஏற்றுமதியாளரின் பக்கம் நியாயம் இருந்தும், எஃப்.ஓ.பி. என்ற மூன்றெழுத்து அவருக்கு எதிராக நிற்கிறது. சர்வதேச வணிகக் கழகம் வெளியிடும் இன்கோடெர்ம்ஸ் என்ற வணிகச் சொற்றொகுப்பின்படி, எஃப்.ஓ.பி. என்றால் சரக்கு கப்பலின்மேல் ஏற்றப்படும் வரை பொறுப்பு விற்பவருடையது. அதே தொகுப்பு, கன்டெய்னரில் செல்லும் சரக்குக்கு எஃப்.ஓ.பி. பொருத்தமில்லை, எஃப்.சி.ஏ. என்ற முறையே ஏற்றது என்று சொல்கிறது. எஃப்.சி.ஏ.யில், வாங்குபவர் நியமித்த சரக்குப்போக்குவரத்து நிறுவனத்திடம் குறித்த இடத்தில் ஒப்படைத்தவுடன் விற்பவரின் கடமை முடிகிறது. மேற்கண்ட ஆர்டரில் திருப்பூரிலேயே ஒப்படைப்பது என்று எழுதியிருந்தால், 16-ஆம் தேதி மாலையே அவர் தம் வாக்கைக் காப்பாற்றியவராகியிருப்பார். மறுநாள் பெய்த மழை வாங்குபவரின் பயணத்தில் பெய்த மழையாகியிருக்கும். இப்படியிருந்தும் பழக்கத்தினாலேயே எஃப்.ஓ.பி. என்று கையெழுத்திடுவது, தம் கட்டுப்பாட்டில் இல்லாத சாலைக்கும் துறைமுகத்துக்கும் சேர்த்துப் பொறுப்பேற்பதாகும்.

அடுத்து வங்கி. எல்.சி. எனப்படும் கடன் கடிதம், குறித்த ஆவணங்கள் குறித்த நாளுக்குள் வந்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதி. இதை ஆளும் யுசிபி 600 என்ற விதித்தொகுப்பில் வெள்ளத்துக்கு இரக்கமில்லை. இயற்கைச் சீற்றத்தால் வங்கியே மூடப்பட்டு, அந்த இடைவெளியில் கடிதம் காலாவதியானால், திரும்பத் திறந்தபின் வங்கி அதற்குப் பணம் தராது என்று அதன் 36-ஆம் விதி சொல்கிறது. வழக்கமான விடுமுறையால் ஆவணம் கொடுக்கும் நாள் தள்ளிப்போனாலும், கப்பலில் ஏற்ற வேண்டிய கடைசி நாள் தள்ளிப்போகாது என்கிறது 29-ஆம் விதி. ஆகவே 26-ஆம் தேதியிட்ட பில் ஆஃப் லேடிங், அதாவது சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் சான்று, 20-ஆம் தேதியைக் கடைசி நாளாகக் கொண்ட கடிதத்தின் முன் குறையுடைய ஆவணமே. இதற்கு உறுதியான மருந்து: 20-ஆம் தேதிக்கு முன்பே, வழி அடைபட்ட 17 அல்லது 18-ஆம் தேதியிலேயே, கடைசி நாளை மாற்றும் திருத்தத்தை வாங்குபவரின் வழியாக அவரது வங்கியிடம் கேட்டுப் பெறுவது. பில் ஆஃப் லேடிங்கில் முன்தேதி போட்டுத் தருவதாகச் சொல்லும் இடைத்தரகரின் யோசனை மோசடியாகும். மழையால் வந்த, மன்னிக்கத்தக்க தாமதத்தை அது மன்னிக்க முடியாத குற்றமாக்கிவிடும்.

ஒப்பந்தத்தில் தவிர்க்க இயலாத நிகழ்வு பற்றிய பிரிவு இருந்தால் அது கைகொடுக்கும். பெரும்பாலும் அது கேட்பது, நிகழ்வு நடந்த சில நாளுக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்பதே. அப்பிரிவு இல்லாதபோது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு நினைவுக்கு வரும். ஆனால் அது நிறைவேற்றவே இயலாது போன ஒப்பந்தத்துக்கானது, ஆறு நாள் பிந்தியதற்கானதன்று. நடைமுறையில் அதிகம் பயன்படக்கூடியது, பலர் அறியாத 55-ஆம் பிரிவு: தாமதமான சரக்கை ஏற்றுக்கொள்ளும் வாங்குபவர், இழப்பீடு கேட்கும் எண்ணமிருந்தால் ஏற்கும்போதே அதை அறிவிக்க வேண்டும். மௌனமாகச் சரக்கை எடுத்துவிட்டு, இரண்டு மாதம் கழித்துத் தாமதத்துக்காக டெபிட் நோட் அனுப்பி, பாக்கியில் பிடித்தம் செய்வது இப்பிரிவுக்கு மாறானது. வெளிநாட்டுச் சட்டத்துக்கு உட்பட்ட ஒப்பந்தங்களில் இது செல்லாமல் போகலாம். உள்நாட்டு வணிகருடன் செய்யும் விற்பனையில் இது வலுவான ஆயுதம்.

பணம் அதிகம் கரையும் இடம் விமானச் சரக்கு. தேதி தவறினால் விற்பவர் தம் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனை பல ஆர்டர்களில் உண்டு. 30,000 டி-சர்ட்டுகள் அட்டைப்பெட்டிகளோடு 5,000 கிலோ இருக்கும் என்றும், கிலோவுக்கு 3 டாலர் என்றும் வைத்தால், 15,000 டாலர் போகிறது. மொத்த மதிப்பில் ஆறில் ஒரு பங்கு என்பது ஏற்றுமதியாளரின் லாபத்தை விழுங்கி முதலிலும் கை வைக்கும். சரக்குக் காப்பீடு இதற்கு உதவாது: வெள்ள நீர் புகுந்து நனைந்த துணிக்கு ஈடு தரும் அதே பாலிசி, தாமதத்தால் வரும் நட்டத்தை, அந்தத் தாமதம் காப்பீடு செய்யப்பட்ட ஆபத்தால் வந்திருந்தாலும், வெளிப்படையாக விலக்குகிறது. ஆகவே விமானத்தை நாடுமுன், அந்த ஆறு நாள் கடையில் உண்மையாகவே எதைக் கெடுக்கிறது என்று கேட்பதற்கு விற்பவருக்கு உரிமையுண்டு. அதே 2023 டிசம்பரின் நடுவில், செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால் பெரிய கப்பல் நிறுவனங்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லத் தொடங்கின. ஐரோப்பியப் பயணம் ஏறத்தாழ இரண்டு வாரம் நீண்டது. எஃப்.ஓ.பி.யில் கப்பலைத் தேர்ந்தெடுப்பவர் வாங்குபவரே. தாம் தேர்ந்த கப்பல் இரண்டு வாரம் பிந்துவதைப் பொறுத்துக்கொள்பவர், தூத்துக்குடி வெள்ளத்தின் ஆறு நாளுக்கு முழு விமானக் கட்டணத்தையும் விற்பவர் தலையில் கட்டுவதை நியாயம் என்று சொல்ல முடியாது. கடைக்கு உடனே தேவைப்படும் அளவுகளையும் நிறங்களையும் மட்டும், ஐந்தில் ஒரு பங்கையோ நான்கில் ஒரு பங்கையோ, செலவைப் பகிர்ந்து விமானத்தில் அனுப்பிவிட்டு, மீதியைக் கடல்வழி விடுவது இரு தரப்பும் தாங்கக்கூடிய ஏற்பாடு.

அதற்கு ஈடாக வாங்குபவர் எதிர்பார்க்கத்தக்கது ஒன்று உண்டு: கெட்ட செய்தியை அன்றே கேட்பது. வானிலை ஆய்வு மையத்தின் சிவப்பு எச்சரிக்கை வெளியாகும்போது சரக்கு எங்கே இருக்கிறது, வழி திறந்தால் அடுத்த ஃபீடர் எந்த நாள், எல்.சி. திருத்தம் வேண்டுமா என்ற மூன்றையும் விற்பவர் ஒரே கடிதத்தில் சொல்லிவிட்டால், வாங்குபவர் தம் கடைகளின் அட்டவணையை மாற்றிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. 'நாளைக்கு ஏறிடும் சார்' என்ற தொலைபேசிப் பதிலை நான்கு நாள் தொடர்ந்து கேட்டவர், ஐந்தாம் நாள் வரும் உண்மையான காரணத்தையும் நம்புவதில்லை.

பிடித்தம் கடைசியில் யாரிடம் போய் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வெளிநாட்டு வாங்குபவர் ஐந்து சதவீதம் தள்ளுபடி எடுத்தால், ஏற்றுமதியாளர்களில் சிலர் அதைத் தையல் ஜாப் ஒர்க் எடுத்த சிறு யூனிட்டின் பில்லில் கழிக்கிறார்கள். யூனிட்காரர் பீஸ் ரேட்டுக்குத் தைத்தவர்களின் வாரக் கூலியை இழுத்தடிக்கிறார். மேற்கண்ட முதல் ஏற்றுமதியாளரின் கணக்கில் தையல் யூனிட் தன் வேலையை முடித்துக் கொடுத்தது 14-ஆம் தேதிக்கும் முன்பு. மழை வந்தது 17-ஆம் தேதி. வாங்குபவரிடம் இ-வே பில்லையும் சோதனைச் சான்றையும் காட்டித் தம் மேல் தவறில்லை என்று வாதாடும் ஏற்றுமதியாளர், அதே தேதிகளைக் கொண்ட டெலிவரி சலானை யூனிட்காரர் நீட்டும்போது அதையும் படித்து, சனிக்கிழமைக் கூலிக்கு முன்பாக அவர் பில்லை முழுதாகத் தீர்க்கக் கடமைப்பட்டவர்.