சுரைக்காயான பானை!

வீட்டிலிருந்தே கேட்டரிங் செய்யும் என் தோழி, ஒரு அலுவலகத்துக்கு மதியச் சாப்பாட்டுக்கான கொட்டேஷன் அனுப்பியிருந்தாள். மெயிலின் அடியில் பெயர், போன் நம்பர், பக்கத்தில் பானை படம் போட்ட லோகோ. அவளுடைய ஜிமெயிலில் எல்லாம் அளவாக, அழகாகத்தான் தெரிந்தது. ஆனால் அந்த அலுவலக மேனேஜரோ, "மேடம், உங்க பானைதான் தெரியுது. விலை எங்கேன்னு தேட வேண்டியிருக்கு" என்று போனில் சிரித்திருக்கிறார். அவர் மெயில் பார்ப்பது கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய அவுட்லுக்கில்.

லோகோவின் உண்மையான அளவு 600க்கு 200 பிக்ஸல். அதை 150 ஆகச் சுருக்கிக் காட்டும்படி, சிக்னேச்சர் கோடில் style என்ற இடத்தில் எழுதியிருந்தார்கள். ஜிமெயில் அதை மதித்தது. விண்டோஸில் ஓடும் பழைய அவுட்லுக், 2007 பதிப்பிலிருந்தே, மெயிலை பிரவுசர் மாதிரி காட்டுவதில்லை. வேர்டு டாகுமென்ட் காட்டுவதுபோலக் காட்டுகிறது. படத்துக்கு style-இல் சொல்லும் அகலத்தை அது கண்டுகொள்ளாது. width, height என்று தனியாக எழுதிய எண்களைத்தான் பார்க்கும். அவை இல்லையென்றால் படத்தை முழு அளவில் விரித்துவிடும்.

இதைக் கேட்ட அவள் மகன் உடனே இரண்டையும் சேர்த்தான். ஆனால் அகலம் 150, உயரமும் 150! இப்போது பானை சுரைக்காய் மாதிரி நீண்டுவிட்டது. மூன்று பங்கு அகலமும் ஒரு பங்கு உயரமும் உள்ள படத்தைச் சதுரத்தில் திணித்தால் வேறென்ன ஆகும்? உயரத்தைக் குத்துமதிப்பாகப் போடக் கூடாது. 200-ஐ 600-ஆல் வகுத்து 150-ஆல் பெருக்கினால் 50. அதுதான் சரியான உயரம்.

```
<img src="லோகோவின் முகவரி" width="150" height="50" alt="லோகோ">
```

எண்ணுக்குப் பின்னால் px சேர்க்க வேண்டாம். வெறும் எண் போதும். படத்தையும் 300க்கு 100 ஆகச் சிறிதாக்கி ஏற்றச் சொன்னேன். காட்டும் அளவைப்போல இரண்டு மடங்கு இருப்பதால் போனில் மங்கலாகத் தெரியாது. எங்காவது அந்த எண்கள் தொலைந்துபோனாலும் படம் பாதித் திரையை அடைக்காது.

கோடைத் திருத்திய பிறகு, அதை பிரவுசரில் திறந்து, தெரிவதை அப்படியே காப்பி செய்து ஜிமெயில் செட்டிங்ஸில் Signature பெட்டியில் ஒட்டினாள். நம் திரையில் பார்த்துத் திருப்திப்பட்டுவிடக் கூடாது, அங்கேதான் முதலிலிருந்தே சரியாகத் தெரிகிறதே! பழைய அவுட்லுக் வைத்திருக்கும் யாருக்காவது ஒரு மெயில் அனுப்பிப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே போன மெயில்களில் பானை பழையபடிதான் இருக்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

தோழி அந்த மேனேஜருக்கே கொட்டேஷனை மறுபடி அனுப்பினாள். "இப்ப விலை தெரியுது மேடம், கொஞ்சம் குறைச்சுக்கலாமா?" என்று பதில் வந்ததாம்.