எந்தச் சீட்டு எந்த ஆபத்துக்கு?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ லாப்டாப் வாங்கப் புறப்படுகிறவர்கள் விலையை நாலு கடையில் விசாரிக்கிறார்கள். ஆனால் வாரண்டி என்று வந்ததும், "எத்தனை வருஷம்?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எந்தவிதப் பழுதுக்கு, எந்த இடத்தில், யார் பொறுப்பு என்று கேளாமல் வருஷத்தை மட்டும் எண்ணுவதில் பயனில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

லாப்டாப்போடு இலவசமாக வரும் வாரண்டி பெரும்பாலும் ஒரு வருஷத்துக்கு உரியது. தயாரிப்பிலே இருந்த குறை பின்னால் தலைகாட்டினால் கம்பெனி தன் செலவில் சரிசெய்து கொடுக்கும். அவ்வளவுதான் அதன் பொருள். கீழே விழுந்தாலோ தண்ணீர் பட்டாலோ அது உதவாது.

இந்த வாரண்டியிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பழுதான இயந்திரத்தை நாமே சர்வீஸ் நிலையத்துக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். மற்றொன்று 'ஆன்சைட்', அதில் மெக்கானிக் வீடு தேடி வருவார். பெரிய நகரத்தில் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிதல்ல. நம் ஊர்க்காரருக்கு அப்படியில்லை. கம்பெனியின் சர்வீஸ் நிலையம் மதுரையில்தான் என்றால், ராஜபாளையத்திலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். கொடுக்க ஒரு நாள், வாங்க ஒரு நாள் போய்விடும். ஆன்சைட் என்று எழுதியிருந்தாலும் எல்லா ஊருக்கும் வருவார்கள் என்று நம்பிவிடக் கூடாது. நம் பின்கோடைச் சொல்லி, இந்த ஊருக்கு ஆள் வருவாரா என்று கம்பெனியையே கேட்டுவிட வேண்டும்.

அடுத்தது, பணம் கொடுத்து வாங்கும் நீட்டிப்புத் திட்டம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நீட்டிப்பு என்பது காலத்தை நீட்டுமே தவிர, காவலை அகலமாக்காது. முதல் வருஷத்தில் எது சேர்த்தியில்லையோ, அது மூன்றாம் வருஷத்திலும் சேர்த்தியில்லை. பாட்டரிக்கு அனேகமாக ஒரு வருஷத்தோடு முடிந்துவிடும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ராஜபாளையத்திலிருந்து கிருஷ்ணன்கோவிலுக்குத் தினமும் பஸ்ஸில் போய்ப் படிக்கும் மாணவனுக்குத் தகப்பனார் 50,000 ரூபாயில் லாப்டாப் வாங்குகிறார். மேலும் 5,000 ரூபாய் கொடுத்து இரண்டு வருஷ நீட்டிப்பும் எடுக்கிறார். எட்டாம் மாதம் பையன் கை பட்டு டீ கவிழ்கிறது. அது விசைப்பலகையின் கீழே இறங்கி மதர்போர்டைக் கெடுத்துவிடுகிறது. சர்வீஸ் நிலையத்தில் மூடியைக் கழற்றியதும் கறையும் துருவும் தெரிகின்றன. சில இயந்திரங்களில் ஈரம் பட்டால் நிறம் மாறும் சிறு சீட்டே உள்ளே ஒட்டியிருக்கும். "தானாகவே நின்றுவிட்டது" என்ற பேச்சு அங்கே எடுபடாது. மதர்போர்டு மாற்ற 20,000 ரூபாய் என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அத்தனையும் தகப்பனார் கையிலிருந்துதான் போக வேண்டும். மூன்று வருஷ வாரண்டி கையில் இருந்தும் ஒரு காசு உதவவில்லை!

அவருக்கு வேண்டியிருந்தது மூன்றாவது சீட்டு. அதாவது, எதிர்பாராத சேதத்துக்கான பாதுகாப்பு. கீழே விழுந்து திரை உடைவதும், டீ கொட்டுவதும் அதிலேதான் அடங்கும். அதற்கும் வரம்பு உண்டு. பல திட்டங்களில் வருஷத்துக்கு ஒரு தடவைதான் பழுது பார்ப்பார்கள். சிலவற்றில் செலவில் ஒரு பங்கை நாம் கொடுக்க வேண்டும். காணாமற் போனாலும் களவு போனாலும் பெரும்பாலும் கிடைக்காது. உள்ளே சேமித்த பாடங்கள் அழிந்தால் எந்தச் சீட்டும் மீட்டுத் தராது.

இன்னொரு விஷயம்: நீட்டிப்பைப் பல கம்பெனிகளில் முதல் வாரண்டி முடியுமுன் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். சேதப் பாதுகாப்பையோ, வாங்கும்போதே அல்லது அதற்குப் பின் குறிப்பிட்ட நாட்களுக்குள் எடுத்தாக வேண்டும். ஆகவே பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், பையில் சுமந்து திரியும் மாணவனுக்கு முதலில் சேதப் பாதுகாப்பு. நீட்டிப்பைப் பதினோராம் மாதம் யோசிக்கலாம். கடையில் கணக்கெழுத மேஜைமேல் அசையாமல் இருக்கும் இயந்திரத்துக்கு ஆன்சைட்டும் நீட்டிப்பும் போதும்.

திட்டத்தை நடத்துவது கம்பெனியா, கடையா, வேறொரு இன்ஷூரன்ஸ் ஸ்தாபனமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் இயந்திரத்தின் சீரியல் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் இட்டுப் பாருங்கள். வாரண்டி நீங்கள் வாங்கிய தேதிக்கு முன்பே ஆரம்பித்ததாகக் காட்டினால், பில்லை அனுப்பித் திருத்தச் சொல்லலாம். பணம் கொடுத்த திட்டம் அங்கே தெரியாவிட்டால் உடனே கடையைக் கேளுங்கள்.

நியாயமான உரிமையை மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் வருஷத்துச் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் ஆணையம் பார்ப்பது சீட்டில் எழுதியிருப்பதைத்தான். கடைக்காரர் வாயால் சொன்னதற்குச் சாட்சி ஏது?