தளத்துக்குப் போகும் சட்டை

'ஆள் பாதி, ஆடை பாதி' என்று நம் வீடுகளில் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கட்டுமானத் தளத்தில் அந்த ஆடைப் பாதி எதைத் தீர்மானிக்கிறது என்று கேட்டால், மூத்த பொறியாளர்கள் சிலர் மரியாதையை என்பார்கள். பாதுகாப்பு அதிகாரி உயிரை என்பார். இரண்டையும் நான் மறுக்கவில்லை. பதினைந்து ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் தளங்களுக்குப் போய்வரும் கட்டமைப்புப் பொறியாளர் என்ற முறையில் மூன்றாவது ஒன்றையும் சேர்க்க விரும்புகிறேன். ஒரு பொறியாளர் தளத்தில் எதைப் பார்க்கிறார், எதைப் பார்க்காமல் திரும்புகிறார் என்பதிலும் அவர் உடுத்தியிருக்கும் சட்டைக்கும் கால்சட்டைக்கும் பங்கு உண்டு. இவ்விதழைப் படிக்கும் தம்பி தங்கையரில் பலர் விரைவில் இத்துறைக்குள் வரப் போகிறீர்கள். உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பு நடக்கும் கம்பிச் சோதனையை எடுத்துக்கொள்வோம். தளப் பலகைகளின் மேல் கம்பிகளை இரண்டு அடுக்காகக் கட்டி முடித்திருப்பார்கள். மேல் அடுக்கை நின்றபடியே பார்க்கலாம். கம்பியின் விட்டம், இடைவெளி எல்லாம் அளவு நாடாவை நீட்டினால் தெரிந்துவிடும். கீழ் அடுக்கின் கதை வேறு. அந்தக் கம்பிகளுக்கும் பலகைக்கும் இடையே, வரைபடம் 25 மில்லிமீட்டர் என்று சொன்னால், அவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும். அதைத் தாங்கிப் பிடிப்பவை 'கவர் பிளாக்' எனப்படும் சிறு கட்டைகள். ஆட்கள் மேலே நடக்கும்போது அவை சரிந்துவிடும். சில இடங்களில் வைக்கவே மறந்திருப்பார்கள். அப்போது கம்பி பலகையின் மேலேயே படுத்துக் கிடக்கும். கான்கிரீட் ஊற்றிய பின் அதைக் காண முடியாது. ஆண்டுகள் கழித்து, போதிய மூடல் இல்லாத அந்த இடத்தில் ஈரமும் காற்றும் எளிதாகப் புகுந்து கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்துக் கூரையின் அடிப்பகுதி உரிந்து விழும். பழைய அடுக்குமாடி வீடுகளின் குளியலறைக் கூரையில் கான்கிரீட் உரிந்து கம்பி தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். துருப்பிடிக்க வெவ்வேறு காரணங்கள் உண்டு. மூடல் குறைந்த இடத்தில் அது முந்திக்கொண்டு வரும்.

இந்தக் கட்டைகளைப் பார்க்க ஒரே வழி, குந்தி உட்கார்ந்து, சில இடங்களில் முழங்காலைக் கம்பியின் மேல் ஊன்றி, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்ப்பதுதான். புதுக்கோட்டையிலிருந்து வந்த ஒரு மேற்பார்வையாளர் என் முதல் ஆண்டில் சொன்னார்: "மேடம், நின்னு பாக்குறவங்களுக்கு எல்லாத் தளமும் நல்லாத்தான் இருக்கும்." அவர் யாரையும் குறை சொல்லும் தொனியில் சொல்லவில்லை. ஆனால் அன்று என்னுடன் வந்திருந்த ஆலோசனை நிறுவனப் பொறியாளர் இறுக்கமான அலுவலகக் கால்சட்டையும் பளபளக்கும் காலணியும் அணிந்திருந்தார். கடைசி வரை அவர் குனியவே இல்லை.

இங்கே வெப்பமும் வந்து சேர்கிறது. சிங்கப்பூரில் வெயிலின் கடுமையை வெறும் வெப்பமானியால் அளப்பதில்லை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி, கருப்பு உருண்டைக்குள் இருக்கும் வெப்பமானி, சாதாரண வெப்பமானி ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். ஈரத்துணியின் அளவுக்கு பத்தில் ஏழு பங்கு, கருப்பு உருண்டைக்கு இரண்டு பங்கு, காற்றுக்கு ஒரு பங்கு. வியர்வை காய்கிறதா என்பதுதான் உடலுக்கு முக்கியம் என்பதால் ஈரத்துக்கு அத்தனை பங்கு. ஆங்கிலச் சுருக்கத்தில் இதை டபிள்யூபிஜிடி என்பார்கள். 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு அறிவித்த விதிகளின்படி இந்த அளவு 32 பாகையை எட்டினால், கடும் உடலுழைப்புச் செய்வோருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு தர வேண்டும். 33 என்றால் 15 நிமிடம்.

ஒரு காலை 11 மணிக்கு ஆறாவது மாடித் தளத்தில் ஈரத்துணி வெப்பமானி 27, கருப்பு உருண்டை 44, காற்று 32 பாகை காட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் 18.9, 8.8, 3.2, கூட்டினால் 30.9. 'இன்னும் 32 வரவில்லையே' என்று தோன்றும். ஆனால் அந்தக் கருவிக்கு நீங்கள் என்ன உடுத்தியிருக்கிறீர்கள் என்பது தெரியாது. வெப்ப அளவீட்டுக்கான ஐஎஸ்ஓ 7243 தரநிலை, சாதாரண வேலை உடைக்கு எதையும் கூட்டச் சொல்வதில்லை. நெய்த துணியில் இரட்டை உடை அணிந்தவருக்கு 3 பாகை கூட்டச் சொல்கிறது. பனியன், அதன் மேல் முழுக்கைச் சட்டை, அதற்கும் மேல் அடர்த்தியான துணியில் தைத்த ஒளிரும் வெஸ்ட் என்று போகும் பொறியாளருக்கு அந்த 3 முழுதாகச் சேராது, ஏனென்றால் வெஸ்ட் மார்பையும் முதுகையும் மட்டுமே மூடுகிறது. பாதியைச் சேர்த்தாலும் 32.4 ஆகிவிடுகிறது. அமைச்சின் விதி கடும் உழைப்பாளிகளுக்கானது. சோதனைக்குப் போகும் பொறியாளரின் வேலை அத்தனை கடுமையானதன்று. ஓர் அளவுகோலாக மட்டும் இதைச் சொல்கிறேன். அதே மாடியில், அதே நேரத்தில், ஒரு துணியைக் கழற்றினால் வேறொரு வானிலைக்குப் போய்விடலாம்.

வெப்பம் ஏறினால் மயக்கம் வருவதற்கு வெகு முன்பே அவசரம் வந்துவிடும். முதல் நான்கு கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தவர், கடைசி நான்கை எட்டிப் பார்த்துவிட்டு 'சரி, ஊற்றலாம்' என்பார். பிற்பகல் 2:30க்கு வாடிக்கையாளருடன் கூட்டம் இருந்தால் இது இன்னும் மோசம். வெளிர்நீலச் சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டு, குளிரூட்டிய கொள்கலன் அலுவலகத்தில் உட்கார வேண்டியிருக்குமே என்ற கவலையில், வியர்க்காத அளவுக்கு மட்டும் தளத்தைப் பார்த்துவிட்டு வருபவர்களை நான் அறிவேன்.

எனவே மாற்ற வேண்டியது சட்டையைத்தான் என்பது என் கருத்து. தலைக்கவசத்திலும் காலணியிலும் சமரசத்துக்கு இடமில்லை. சட்டைக்கும் வெஸ்ட்டுக்கும் பதிலாக, ஒளிரும் நிறத்திலேயே தைத்து, ஒளிதிருப்பும் பட்டைகள் வைத்த, காலர் உள்ள ஒற்றை முழுக்கைச் சட்டை கிடைக்கிறது. ஐஎஸ்ஓ 20471 தரநிலையில் இரண்டாம் வகுப்பு என்று உள்பக்கச் சீட்டில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். முழுக்கை ஏன் என்று கேட்கலாம். வெயில் ஒரு காரணம். ஈரக் கான்கிரீட்டின் காரம் தோலைப் புண்ணாக்கும் என்பது மற்றொன்று. பின்னல் வகைப் பாலியெஸ்டர் வியர்வையை வெளிப்பக்கம் இழுத்துக் காயவைக்கும். தனிப் பருத்தி உறிஞ்சிக்கொண்டு கனமாகிவிடும். ஆனால் வெல்டிங் நடக்கும் இடத்துக்கு அருகே போக வேண்டியிருந்தால் பாலியெஸ்டர் வேண்டாம். தீப்பொறி பட்டால் அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அங்கே பருத்திதான். கால்சட்டையில் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: கடையிலேயே அதைப் போட்டுக்கொண்டு குந்தி உட்கார்ந்து பார்ப்பேன். விற்பனையாளர் சிரித்தால் சிரிக்கட்டும்.

காலணியில் 'எக்சிகியூட்டிவ்' என்ற பெயரில் தாழ்வான கறுப்புப் பாதுகாப்புக் காலணி விற்கிறார்கள். விரலைக் காக்கும் மூடியும் அதில் உண்டு. கூட்டத்துக்கும் அழகாக இருக்கும். ஆனால் 150 அல்லது 200 மில்லிமீட்டர் இடைவெளியில் கட்டிய கம்பிகளின் மேல் நடக்கும்போது கால் இடையில் நழுவும். கணுக்காலைப் பிடித்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. கணுக்கால் உயரமும், ஆணி ஏறாத நடுத்தகடும் உள்ள காலணியையே வாங்குங்கள். தலைக்கவசத்தில், ஓட்டுக்கும் உள்பட்டைக்கும் இடையே உள்ள வெற்றிடம் அடி விழும்போது விசையை வாங்கிக்கொள்வதற்கானது. அதில் கைப்பேசியையோ துண்டையோ செருகி வைப்பவர்கள் அந்த வேலையையே கெடுக்கிறார்கள். போதாததற்குக் காற்றோட்டமும் போய்விடும்.

நம் பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உயரக் கொண்டை போட்டால் கவசம் தலையில் உட்காராது. பின்கழுத்தில் தாழ்வாக முடிந்துகொள்ளுங்கள். வளையல் கட்டுக்கம்பி முனையில் மாட்டும், அதனால் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுங்கள். தளக் கிடங்கில் சிறிய அளவுக் காலணி பெரும்பாலும் இருக்காது. நிறுவனத்திடம் முன்கூட்டியே உங்கள் அளவைக் கேட்டு வாங்குங்கள், அது சலுகையன்று.

ஒரு மறுப்பை மதித்துச் சொல்ல வேண்டும். "இஸ்திரி போட்ட சட்டையோடு போனால்தான் என் பேச்சை எடுபட வைக்க முடிகிறது" என்று இளம் பொறியாளர்கள், குறிப்பாகப் பெண்கள், என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இது வீண் பகட்டன்று. நீங்கள் ஒரு குறையைச் சுட்டிக்காட்டும்போது, ஃபோர்மேன் உங்கள் பக்கத்தில் நிற்கும் நரைத்த ஆணைப் பார்த்துப் பதில் சொல்லும் அனுபவம் எனக்கும் உண்டு. அதனால்தான் காலர் வேண்டும் என்கிறேன். மார்பில் பெயரும் பதவியும் அச்சிட்டிருக்க வேண்டும். கவசம் துடைத்துச் சுத்தமாக இருக்க வேண்டும். கூட்டத்துக்குப் பையில் ஒரு மாற்றுச் சட்டையும் சிறு துண்டும் வைத்துக்கொண்டால் பத்து நிமிட வேலை. இன்னும் சொன்னால், ஒளிரும் சட்டையோடு கூட்டத்தில் உட்காருவதை வாடிக்கையாளர்களும் மூத்தவர்களும் இயல்பாக ஏற்றுக்கொள்ள வேண்டும். இதை முதலில் செய்ய வேண்டியவர்கள் பதவியில் இருக்கும் நாங்கள்தாம். நேற்று சேர்ந்த இளையவரால் அது ஆகாது.

உடையால் எல்லாம் ஆகிவிடாது. நண்பகல் சோதனையைக் காலை 8 மணிக்கு மாற்ற முடிந்தால் அது எந்தச் சட்டையையும் விட மேல். கான்கிரீட் லாரி வரும் நேரத்தை வைத்துப் பேரம் பேசிப் பார்க்கலாம். வெளிவேலைக்குப் புதியவர்களுக்குக் குறைந்தது ஏழு நாள் படிப்படியாக வெயிலைப் பழக்க வேண்டும் என்று அமைச்சின் விதி தொழிலாளர்களை எண்ணிச் சொல்கிறது. பல்கலைக்கழகக் குளிரூட்டி அறையிலிருந்து நேரே வரும் பட்டதாரியின் உடலும் அதே உடல்தான். முதல் வாரத்தில் காலை வேளைத் தளங்களை மட்டும் தரும்படி கேளுங்கள். கேட்டவர் எவரையும் நான் மறுத்ததில்லை.