ஹெசன்பெர்க்கை அடிக்குறிப்பில் தள்ளாதீர்கள்

நியூமெரிக்கல் மெத்தட்ஸ் படிக்கிற மக்களே, இந்தப் பதிவு உங்களுக்குத்தான். மற்றவர்களும் வாசிக்கலாம், கணக்கு ரொம்பக் கடிக்காது.

ஓர் அணியின் ஐகன் மதிப்புகளைக் கண்டுபிடிக்க QR முறை என்று ஒன்று சொல்லித் தருகிறார்கள். A என்ற அணியை Q, R என்று இரண்டாகப் பிரி. Q செங்குத்து அணி, R மேல் முக்கோண அணி. பிறகு திருப்பிப் போட்டு RQ என்று பெருக்கு. வருகிற அணிக்கும் அதே ஐகன் மதிப்புகள்தான். இதையே திரும்பத் திரும்பச் செய்தால் அணி மெல்ல முக்கோணமாகும், மூலைவிட்டத்தில் விடை வந்து நிற்கும். பரிட்சைக்கு 3×3 அணி ஒன்று, இரண்டு சுற்று, பத்து மதிப்பெண். முடிந்தது.

"கணக்கைத் தொடங்கும் முன் அணியை ஹெசன்பெர்க் வடிவுக்கு மாற்றிக்கொள்வது நலம்" என்ற வரி மட்டும் கடைசியில் பொடி எழுத்தில் கிடக்கும். என் சண்டை அந்த 'நலம்' என்ற சொல்லோடுதான். அது நலம் இல்லை ஐயா, அதுதான் முறையே. அதை விட்டுவிட்டு QR சுற்றுவது, கோவிலூரிலிருந்து பக்கத்திலிருக்கும் காரைக்குடிக்குத் தினமும் மதுரை வழியாகப் போய்வருவது மாதிரி. போய்ச் சேரலாம்தான்.

ஹெசன்பெர்க் வடிவம் என்பது கிட்டத்தட்ட முக்கோணம். மூலைவிட்டத்துக்குக் கீழே ஒரே ஒரு வரிசை எண்கள் இருக்கலாம், அதற்கும் கீழே எல்லாம் பூஜ்யம். ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம்.

```
A =  2  5   5
     3  5   0
     4  5  10
```

முதல் நிரலில் கீழே 3, 4 இருக்கின்றன. 4 இருக்கும் இடம் பூஜ்யமாக வேண்டும். (3, 4) என்பதை (5, 0) ஆக்கும் பிரதிபலிப்பு ஒன்று உண்டு. ஹவுஸ்ஹோல்டர் பிரதிபலிப்பு என்பது இதைத்தான். இங்கே அது 2×2 அளவுதான்: முதல் நிரையில் 0.6, 0.8, இரண்டாம் நிரையில் 0.8, −0.6. இதைக் கொண்டு முதலில் A-யின் 2, 3ஆம் நிரைகளை மாற்றுகிறோம்.

```
2  5   5
5  7   8
0  1  -6
```

இங்கேயே நிறுத்திவிடுபவர்கள் பலர். பூஜ்யம் வந்துவிட்டதே! ஆனால் மூலைவிட்டத்தைக் கூட்டிப் பாருங்கள். A-யில் 2+5+10 = 17. இங்கே 2+7−6 = 3. ஐகன் மதிப்புகளின் கூட்டுத்தொகை மாறிவிட்டது, ஆக இது வேறு அணி, வேறு விடை. இடப்பக்கம் செய்த அதே மாற்றத்தை வலப்பக்கமும் செய்ய வேண்டும், அதாவது 2, 3ஆம் நிரல்களிலும்.

```
H =  2   7    1
     5  10.6  0.8
     0  -4.2  4.4
```

கூட்டல் மறுபடி 17. அணிக்கோவை இரண்டுக்குமே −75. கணக்கு சரி.

இதில் கவனிக்க வேண்டியது, வலப்பக்க மாற்றம் முதல் நிரலைத் தொடவே இல்லை என்பது. அதனால்தான் கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த பூஜ்யம் பிழைத்தது. பேராசைப்பட்டு அந்த 5-ஐயும் சேர்த்தே பூஜ்யமாக்கப் பார்த்தால், பிரதிபலிப்பு முதல் நிரையையும் இழுத்துக்கொள்ளும். வலப்பக்கம் பெருக்கும்போது முதல் நிரலும் மற்றவற்றோடு கலந்து, வந்த பூஜ்யம் எல்லாம் போய்விடும். "கிட்டத்தட்ட எதற்கு, முழு முக்கோணமாகவே ஆக்கிவிட வேண்டியதுதானே" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். இன்னும் ஆழமான பதிலும் உண்டு. எண்ணிச் சொல்லக்கூடிய கூட்டல், பெருக்கல், மூலங்களிலேயே எந்த அணியையும் முக்கோணமாக்க முடிந்தால், எந்தப் பல்லுறுப்புச் சமன்பாட்டையும் அப்படித் தீர்த்துவிடலாம். ஐந்தாம் படிக்கு அது பொதுவாக முடியாது என்று ஏபெல் 1824இலேயே நிரூபித்துவிட்டார். ஆக ஹெசன்பெர்க் வரை நேராக நடந்து போகலாம், அதற்கப்புறம்தான் சுற்று.

சரி, ஒரு சுற்றிலேயே இந்தப் பூஜ்யங்கள் அழிந்துவிட்டால் என்ன லாபம்? அழியாது, அதுதான் விஷயம். H-ஐ முக்கோணமாக்க 1, 2ஆம் நிரைகளைச் சுழற்றி 5-ஐ நீக்குகிறோம். பிறகு 2, 3ஆம் நிரைகளைச் சுழற்றி அடுத்ததை நீக்குகிறோம். இதன் பெயர் கிவன்ஸ் சுழற்சி. திருப்பிப் பெருக்கும்போது முதலில் 1, 2ஆம் நிரல்கள் கலக்கின்றன. அந்த இரண்டுமே மூன்றாம் நிரையில் பூஜ்யம்தான், பூஜ்யத்தையும் பூஜ்யத்தையும் கலந்தால் பூஜ்யம். மூலையில் இருக்கும் பூஜ்யம் அசையாது. அடுத்து 2, 3ஆம் நிரல்கள் கலக்கும்போது முதல் நிரலைத் தொடுவதே இல்லை. ஆக ஹெசன்பெர்க்காக உள்ளே போனது ஹெசன்பெர்க்காகவே வெளியே வருகிறது. ஒருமுறை செலவழித்தால் போதும், ஒவ்வொரு சுற்றிலும் பலன்.

இனி காசுக் கணக்கு. n×n முழு அணியில் ஒரு QR சுற்றுக்குத் தோராயமாக 3n³ செயல்கள் ஆகும். ஹெசன்பெர்க்கில் n−1 சுழற்சிகள்தான், ஒவ்வொன்றும் இரண்டே நிரைகளை, பிறகு இரண்டே நிரல்களைத் தொடுகிறது. மொத்தம் சுமார் 6n². ஆரம்பத்தில் ஹெசன்பெர்க்காக மாற்றும் செலவு 10n³/3, அதாவது ஏறக்குறைய ஒரே ஒரு முழுச் சுற்றின் விலை. n = 100 என்று வையுங்கள். நகர்த்தலோடு செய்தால் ஓர் ஐகன் மதிப்புக்குச் சுமார் இரண்டு சுற்று வீதம் 200 சுற்று. முழு அணியில் 60 கோடி செயல்கள். ஹெசன்பெர்க்கில் மாற்றும் செலவு 33 லட்சம், சுற்றுகளுக்கு 1 கோடியே 20 லட்சம், மொத்தம் ஒன்றரைக் கோடி. நாற்பது மடங்கு! கிடைத்த மதிப்புகளை வெட்டி அணியைச் சுருக்கிக்கொண்டே போனால் இரு பக்கமும் செலவு குறையும், ஆனாலும் இருபது மடங்கு நிற்கும்.

"இப்போ இருக்கிற கம்ப்யூட்டர் வேகத்துக்கு இதெல்லாம் எதுக்கு மச்சி?" என்று கேட்பவர்களுக்கு: ஒன்று n⁴, மற்றது n³. அணி பெரிதாகப் பெரிதாக இடைவெளியும் பெரிதாகிறது. வேகமான கம்ப்யூட்டரில் பெரிய அணியைத்தானே போடுவீர்கள்?

இன்னொரு லாபமும் உண்டு. எப்போது நிறுத்துவது என்று பார்க்க, மூலைவிட்டத்துக்கு நேர்கீழே உள்ள n−1 எண்களைப் பார்த்தால் போதும். ஒன்று பக்கத்து மூலைவிட்ட எண்களோடு ஒப்பிட ஒன்றுமில்லாத அளவுக்குச் சிறுத்துவிட்டால், அதைப் பூஜ்யமாக்கி அணியை அங்கேயே இரண்டாக வெட்டலாம்.

வரலாறும் என் பக்கம்தான் :-) லண்டனில் ஜான் பிரான்சிஸ் 1961-62இல் இரண்டு பகுதிகளாக QR முறையை வெளியிட்டபோதே, கிட்டத்தட்ட முக்கோணமான அணிகளில்தான் அதை ஓட்ட வேண்டும் என்று வைத்துத்தான் வேலை செய்தார். அதே காலத்தில் லெனின்கிராடில் குப்லனோவ்ஸ்கயா தனியாக இதே முறைக்கு வந்து சேர்ந்தார். கண்டுபிடித்தவரே முன்னால் வைத்த படியை நாம் அடிக்குறிப்பில் தள்ளியிருக்கிறோம்.

எல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். சமச்சீர் அணி என்றால் மேற்பக்கமும் அதே போலப் பூஜ்யமாகி மூன்றே வரிசை மிஞ்சும், ஒரு சுற்று n அளவுக்கு மலிந்துவிடும். ஆனால் லட்சக்கணக்கில் நிரைகள், பெரும்பாலும் பூஜ்யம் என்ற அணியில் இதைச் செய்யாதீர்கள். பிரதிபலிப்புகள் அந்தப் பூஜ்யங்களை எல்லாம் நிரப்பி நினைவகத்தைத் தின்றுவிடும். அங்கே அர்னால்டி முறை. அதுவும் கடைசியில் ஒரு சின்ன ஹெசன்பெர்க் அணியைத்தான் கையில் கொடுக்கும்!

ஆக்டேவ் வைத்திருப்பவர்கள் இதை ஓட்டிப் பாருங்கள்.

```
A = [2 5 5; 3 5 0; 4 5 10];
[P, H] = hess(A)
eig(A), eig(H)
```

திரையில் 5 இருக்க வேண்டிய இடத்தில் −5 வரும், 7, 1 இரண்டும் −7, −1 ஆகும். பதறாதீர்கள். (3, 4)-ஐ (−5, 0) ஆக்கும் பிரதிபலிப்பை நிரல் தேர்ந்தெடுக்கிறது. 3−5 என்று கழிப்பதைவிட 3+5 என்று கூட்டினால், ஏறக்குறையச் சமமான எண்களைக் கழித்து இலக்கங்களை இழக்கும் ஆபத்து இல்லை. ஐகன் மதிப்புகள் அதேதான்.

அடுத்த முறை பரிட்சையில் "QR முறையை விளக்குக" என்று வந்தால், முதல் வரியிலேயே ஹெசன்பெர்க்கை எழுதுங்கள். மதிப்பெண்ணைக் குறைத்தால் இந்தக் கணக்கைக் காட்டிச் சண்டை போடுங்கள். என்னோடு சண்டை போட வேண்டியவர்களுக்குப் பின்னூட்டப் பெட்டி திறந்தே இருக்கிறது.