அடிக்கடி அடைபடும் நிலக்கீழ்க் குழாய்

வீட்டின் கழிவுநீர்க் குழாய் ஒருமுறை அடைபட்டால் அது தற்செயல் எனலாம். மூன்று மாதத்துக்கொருமுறை அடைபடுமாயின் அதற்குத் திட்டமான காரணம் ஒன்று நிலத்துக்கடியில் இருக்கிறது. ஆளை அழைத்துக் கோல் விட்டுக் குத்தித் தண்ணீர் ஓடியதும் கூலி கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அடைப்பு எந்த இடத்தில் இருந்தது, வெளிவந்தது என்ன என்ற இரண்டையும் நாம் கேட்பதில்லை. கேட்டுக் குறித்து வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் அடைப்பு வீட்டுக்குள்ளா வெளியிலா என்று அறிய வேண்டும். குசினித் தொட்டி மட்டும் மெல்ல வடிந்தால் குற்றம் அந்தத் தொட்டியின் குழாயிலேதான். கக்கூசில் தண்ணீர் ஊற்றும்போது குளியலறைத் துவாரத்தில் குமிழி எழுந்தாலோ, அழுக்குநீர் மேலேறினாலோ, எல்லாம் சென்று சேரும் நிலக்கீழ்க் குழாயில் தடையிருக்கிறது. அப்போது வளவிலுள்ள மான்ஹோல் மூடிகளைத் திறந்து பார்க்க வேண்டும்.

கொழும்பில் பழைய வீடொன்றை எடுத்துக்கொள்வோம். குசினியின் பின்புறத்தில் ஒரு குழி, வீட்டின் பக்கத்தில் இரண்டாவது, படலையருகே மூன்றாவது. அதற்கப்பால் தெருவில் மாநகர சபையின் குழாய். திறந்தபோது முதலிரண்டு குழிகளும் நிரம்பி நிற்கின்றன, மூன்றாவது வெறுமையாயிருக்கிறது. ஆகவே அடைப்பு இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே இருக்கிறது. நிரம்பிய கடைசிக் குழிக்கும் வெறுமையான முதற் குழிக்கும் இடையில்தான் தடை என்பது மாறாத விதி. மூன்றும் நிரம்பியிருந்தால் குற்றம் படலைக்கு வெளியே இருக்கக்கூடும். அப்போது நாம் கோலைத் தொடாமல் சபைக்கு அறிவிப்பதே முறை.

மான்ஹோல் என்பதற்கு ஆள் இறங்கும் குழி என்று பொருளிருந்தாலும் வீட்டார் எவரும் அதனுள் இறங்கலாகாது. அழுகிய கழிவிலிருந்து எழும் ஐதரசன் சல்பைட்டு வாயு அழுகிய முட்டை போல் நாறும். செறிவு மிகுந்தால் மூக்கின் மணவுணர்வையே மழுங்கச் செய்து, நாற்றம் போய்விட்டது என்று எண்ணும்போதே ஆளை விழுத்திவிடும். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் இறந்த செய்திகள் உண்டு. மூடியைத் திறந்து சற்றுநேரம் காற்றாட விட்டு, நெருப்பை அண்டவிடாமல், வெளியே நின்றே வேலையைச் செய்ய வேண்டும்.

இனிக் கோல் விடும் முறை. முற்காலத்தில் பிரம்பினாற் செய்து பித்தளைத் திருகு பூட்டிய கோல்கள் இருந்தன. இப்போது பிளாஸ்டிக்கில் வருகின்றன. ஒன்றோடொன்று திருகிப் பூட்டப்படுவதால், குழாய்க்குள் தள்ளும்போதும் இழுக்கும்போதும் வலப்புறமாகவே சுழற்ற வேண்டும். இடப்புறம் திருப்பினால் பூட்டுக் கழன்று பாதிக் கோல் உள்ளேயே தங்கி, புதிய அடைப்பாகிவிடும். வெறுமையான கீழ்க் குழியிலிருந்து மேல்நோக்கித் தள்ளுவது எளிது. ஆனால் தடை உடைந்ததும் தேங்கிய நீர் திடீரெனப் பாயுமாதலால் குழி வாயிலிருந்து விலகி நிற்க வேண்டும். கீழ்க் குழியின் வெளிவாயிலில் கம்பிவலை ஒன்றை வைத்து, வரும் கட்டிகளை அள்ளிவிட வேண்டும். இல்லாவிடின் அதே கட்டி அடுத்த வளைவில் போய் நிற்கும்.

நாம் எடுத்துக்கொண்ட வீட்டில் அவ்விரு குழிகளுக்கும் இடையே நாற்பது அடி. கோல் கீழ்க் குழியிலிருந்து 18 அடி சென்றதும் முட்டியது. வெளியே வந்தவை கொழுப்புக் கட்டியும் தலைமயிர்போன்ற மெல்லிய வேர்களும். இதைத் தேதியோடு கொப்பியில் எழுதி வைத்தார்கள். மூன்று மாதத்தின்பின் மீண்டும் அடைபட்டபோதும் கோல் 18 அடியிலேயே முட்டியது. இங்கேதான் உண்மை வெளிப்படுகிறது. தடை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றால் குற்றம் பெரும்பாலும் நாம் குழாயில் விடும் பொருளில். ஒரே இடத்தில் நின்றால் குற்றம் குழாயிலேயே.

அதனை உறுதிப்படுத்த விளக்கும் கண்ணாடியும் போதும். குழாயை நன்றாகக் கழுவிவிட்டு, மேல்வாயில் கைவிளக்கொன்றை நீண்ட கம்பில் கட்டி இறக்க வேண்டும். கீழ்வாயில் முகம்பார்க்கும் கண்ணாடியைச் சரித்துப் பிடித்து வெளியே நின்றபடியே பார்க்க வேண்டும். ஒளி முழுநிலாப்போல் வட்டமாகத் தெரிந்தால் குழாய் நேரானது. கீழ்ப்பாதி மறைந்து பிறைபோல் தெரிந்தால் நடுவில் குழாய் அமிழ்ந்து நீர் தேங்கி நிற்கிறது. ஓரத்தில் நிழல் தொங்கினால் வேர் அல்லது விலகிய மூட்டு. இந்நாளில் சிறு கமராவை உள்ளே விட்டுப் பார்ப்பவரும் உளர். பெருஞ்செலவில் நிலத்தைத் தோண்டுமுன் அதைச் செய்வித்தல் நல்லது.

அந்த வீட்டில் மதிலோர மாமரத்தின் வேர், பழைய மட்குழாய்களின் மூட்டினூடே நுழைந்திருந்தது. மூட்டிலிருந்து கசியும் ஈரத்தை நாடி மயிரளவாய் நுழையும் வேர் உள்ளே பரவும். அதில் கொழுப்பும் தாளும் சிக்கும். கோலால் வெட்டினால் வேர் மீண்டும் தளிர்க்கும். ஆகவே 18 அடியை நிலத்தின் மேல் அளந்து அவ்விடத்தை மட்டும் தோண்டி, பழுதுபட்ட துண்டுகளை எடுத்து, இறப்பர் வளையம் பொருந்திய பீ.வீ.சீ. குழாயை இட்டார்கள். அடியில் மணல் பரப்பி இறுக்கினார்கள். இல்லையேல் புதுக் குழாயும் அமிழும். நாலங்குலக் குழாய்க்கு நாற்பது அடியில் ஓரடிச் சரிவு என்பது பழைய வழக்கு. மூடுமுன் மூன்றரை அங்குலப் பந்தொன்றை மேற்குழியில் இட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். அது தடையின்றிக் கீழ்க்குழிக்கு வந்தபின்பே மண்ணை நிரப்பினார்கள்.

குழாய் சரியானபின் குசினியைக் கவனிக்க வேண்டும். பாத்திரம் விளக்கும் தும்பு, பால் பிழிந்த தேங்காய்ப்பூ, சோற்றுப் பருக்கை, கறியெண்ணெய் ஆகியவை சேர்ந்தால் சாந்துபோல் இறுகும். கொதிநீர் ஊற்றினால் கரைந்து போகும் என்பது ஏமாற்றம். இளகிய கொழுப்பு சிறிது தூரம் சென்று குளிர்ந்து மீண்டும் உறையும். கோஸ்டிக் சோடா வேரை ஒன்றும் செய்யாது; அடுத்து வந்து கோல் விடுபவரின் கண்ணையும் தோலையும் பொசுக்கும். எண்ணெயைத் தாளால் துடைத்துக் குப்பையில் இடுவதும், தொட்டித் துவாரத்தில் சல்லடை வைப்பதும், கொழுப்புத் தொட்டி இருந்தால் மேலே ஆடை தடிக்குமுன் அள்ளுவதும் போதும். ஈரத் துடைப்புத் தாளும் குழந்தைத் துணியும் கக்கூசில் விழலாகாது. கூரைப் பீலியின் மழைநீரையும் இக்குழாயில் விடலாகாது. மழைநாளில் மான்ஹோல் பொங்குவதற்கு அதுவே பலமுறை காரணம்.

மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து ஒரு நிமிடம் பாருங்கள். அடியிலுள்ள வாய்க்காலில் மெல்லிய நீர் ஓடிக்கொண்டிருந்தால் நலம். ஓட்டமின்றித் தேங்கி நின்றால் கீழே தடை தொடங்கிவிட்டது. நீர் இப்போது வடிந்திருந்தாலும் சுவரில் கொழுப்புக் கோடொன்று வளையமாய்த் தெரிந்தால், அந்த மட்டம்வரை அது முன்பு ஏறியிருக்கிறது என்பதே பொருள். அந்தக் கோட்டைக் கண்ட நாளே கோல் விட வேண்டிய நாள். அது முட்டும் அடியைக் கொப்பியில் எழுத மறக்கவேண்டாம்.