‘சிரைக் கசிவு’ என்று எழுதும் முன்

ஆண்குறி டாப்ளர் ஸ்கேன் எடுத்துக்கொண்ட இளைஞர்களைக் கலங்கவைப்பது ரிப்போர்ட்டின் கடைசி வரி. ‘வீனஸ் லீக்’, அதாவது சிரைக் கசிவு என்று அதில் இருக்கும். உள்ளே வந்த ரத்தம் தங்காமல் வெளியேறிவிடுகிறது என்று பொருள். உடம்பில் ஏதோ ஓட்டை விழுந்துவிட்டது, இனி ஆபரேஷன்தான் என்று அவர்கள் மனதுக்குள் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த வரி உண்மையாக இருக்கலாம். ஊசி மருந்து முழுதாக வேலை செய்வதற்குள் அவசரமாக அளந்து எழுதியதாகவும் இருக்கலாம். எது என்று பிரித்தறியத் தேவையான விவரம் ரிப்போர்ட்டிலேயே இல்லாமல் போவதுதான் பெரிய குறை.

1982இல் பிரான்ஸின் ரொனால்ட் விராக், பாப்பாவெரின் மருந்தை ஆண்குறிக்குள் செலுத்தினால் விறைப்பு வருகிறது என்று எழுதினார். 1985இல் சான் பிரான்சிஸ்கோவில் டாம் லூவும் சகாக்களும் அந்த ஊசியோடு டாப்ளரைச் சேர்த்தார்கள். தளர்ந்த நிலையில் ஆண்குறித் தமனிகளில் ரத்தம் மிகக் குறைவாகவே ஓடும் என்பதால், அப்போது அளந்து பயனில்லை. பாப்பாவெரினோ அல்ப்ரோஸ்டாடிலோ செலுத்தி, உள்ளிருக்கும் மென்தசையைத் தளரவைத்த பிறகுதான் குழாய்களின் உண்மையான திறன் தெரியும்.

மருந்து வேலை செய்தால் நடப்பது இதுதான். தமனிகள் விரிந்து ரத்தம் வேகமாகப் பாய்கிறது. பஞ்சு போன்ற திசு நிரம்பி உப்புகிறது. வெளியேற்றும் சிறு சிரைகள், உப்பிய திசுவுக்கும் அதைச் சுற்றியுள்ள கெட்டியான உறைக்கும் நடுவில் நசுங்கி மூடிக்கொள்கின்றன. சிரையை மூடுவதற்குத் தனி வால்வு எதுவும் இல்லை. தசை முழுதாகத் தளர்ந்து திசு நிரம்பினால்தான் கதவு அடைபடும். இது பிடிபட்டால் ரிப்போர்ட்டில் பாதி புரிந்துவிடும்.

அதில் இரண்டு வேகங்கள் முக்கியம். இதயம் சுருங்கும்போது தமனியில் பாயும் உச்ச வேகம் பி.எஸ்.வி. இது நொடிக்கு 35 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் ரத்த வரத்து நன்றாக இருக்கிறது. 25க்குக் கீழே என்றால் தமனியில் குறை. இடைப்பட்டது சந்தேக நிலை. இதயம் விரிந்து முடியும் நேரத்தில் மிச்சமிருக்கும் வேகம் இ.டி.வி. உள்ளே அழுத்தம் ஏற ஏற இது குறைந்து பூச்சியத்துக்கு வந்து, நல்ல விறைப்பில் எதிர்த்திசைக்கே திரும்பும். வரத்து நன்றாக இருந்தும் இது 5 சென்டிமீட்டருக்கு மேலேயே நின்றால், கதவு மூடவில்லை என்று பொருள்.

ஏன் மூடவில்லை என்பதை அந்த எண் சொல்லாது. சிரை அமைப்பில் கோளாறு இருக்கலாம். படுத்திருப்பவர் பயந்துபோயும் இருக்கலாம். வேட்டியை விலக்கிவிட்டுப் படுக்கச் சொல்லி, ஊசி குத்தி, கதவு திறந்து திறந்து மூடும் அறையில் ஒருவரைக் கிடத்தினால் அட்ரினலின் ஏறத்தான் செய்யும். அது மென்தசையை இறுக்கும். மருந்து தளர்த்தப் பார்க்க, பயம் இறுக்கிப் பிடிக்கும். திசு பாதிதான் நிரம்பும், சிரைகள் திறந்தே கிடக்கும், திரையில் இ.டி.வி. உயரமாகவே நிற்கும்.

கணக்குக்காக 28 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் இல்லை. விடியற்காலையில் விறைப்பு வருகிறது, மனைவியோடு இருக்கும்போது நிற்பதில்லை. பாப்பாவெரின் 30 மில்லிகிராம் போட்டு, பத்தாவது நிமிடத்தில் அளக்கிறார்கள். பி.எஸ்.வி. 44, இ.டி.வி. 11. இரண்டின் வித்தியாசத்தைப் பி.எஸ்.வி.யால் வகுத்தால் வருவது தடைக் குறியீடு, இங்கே 0.75. இயல்பாக 0.9ஐத் தாண்ட வேண்டும். ‘சிரைக் கசிவு’ என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அளந்த நேரத்தில் விறைப்பு பாதிகூட இல்லை என்பதை யாரும் குறிக்கவில்லை.

அதே ஆளுக்கு இன்னொரு நாள், விளக்கைக் குறைத்த அறையில், ஃபென்டாலமைன் சேர்த்த கலவை ஊசி போடுகிறார்கள். அட்ரினலினின் பிடியைத் தடுப்பதற்காகத்தான் அந்தச் சேர்க்கை. விறைப்பு போதாதபோது மறு டோஸும் கொடுத்து, சிறிது நேரம் தனியே விடுகிறார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கிறார்கள். இருபத்தைந்தாவது நிமிடத்தில் முழு விறைப்பு. பி.எஸ்.வி. 46, இ.டி.வி. பூச்சியம். குழாய்களில் எந்தக் கோளாறும் இல்லை. முதல் ரிப்போர்ட்டை நம்பியிருந்தால், சிரையைக் கட்டும் அறுவைவரை அவர் போயிருக்கக்கூடும். அந்த அறுவை வேண்டாம் என்று அமெரிக்க யூராலஜி சங்கத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது.

தலைகீழான தவறும் உண்டு. முழு விறைப்பில் உள்ளழுத்தம் மிக அதிகமாகிவிடுவதால், வரும் ரத்தத்தின் வேகமும் இறங்கும். அப்போது அளந்தால் பி.எஸ்.வி. 20கூடக் காட்டலாம். தமனி அடைப்பு என்று எழுதிவிடுவார்கள். ஆள் நல்ல விறைப்போடு படுத்திருப்பதே அது தவறு என்பதற்குச் சாட்சி. அடிப்பகுதியில் அளக்காமல் நுனிப்பக்கம் அளந்தாலும் வேகம் குறைவாகக் காட்டும். ஒலிக்கதிரின் கோணம் 60 பாகைக்கு மேல் போனால் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

இனி 56 வயதில், பத்து வருடச் சர்க்கரை நோயோடு வருபவரைப் பாருங்கள். மறு டோஸுக்குப் பிறகும் இரண்டு பக்கத் தமனிகளிலும் பி.எஸ்.வி. 18தான்; உச்சத்தை எட்டவும் தாமதமாகிறது. இ.டி.வி. 4 என்பதால் சிரை சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. வரத்தே இல்லாத இடத்தில் கசிவைப் பற்றிப் பேச வழியில்லை. இவருக்கு அந்த 18 வேறொரு செய்தி சொல்கிறது. ஆண்குறித் தமனிகள் இதயத் தமனிகளைவிடச் சிறியவை. கொழுப்புப் படிவின் பாதிப்பு அங்கே முதலில் வெளிப்பட்டு, நெஞ்சுவலி சில வருடங்கள் கழித்து வருவது உண்டு. அவருக்கு மாத்திரைச் சீட்டோடு இதயப் பரிசோதனைக்கும் எழுதிக்கொடுக்க வேண்டும்.

விறைப்புக் குறைவு என்று வரும் எல்லோருக்கும் இந்த ஸ்கேன் தேவையில்லை. விவரம் கேட்டு, சர்க்கரையும் கொழுப்பும் டெஸ்டோஸ்டிரோனும் பார்த்து, சில்டெனாஃபில் வகை மாத்திரை கொடுத்தாலே பலருக்குப் போதும். மாத்திரையைச் சரியாகச் சாப்பிட்டும் பலிக்காதவர், விபத்தில் இடுப்பெலும்பு முறிந்த இளைஞர், வளைவுக்கு அறுவை செய்துகொள்ளப் போகிறவர் ஆகியோருக்குத்தான் முக்கியமாக இதை எழுத வேண்டும். விபத்தில் ஒரே இடத்தில் தமனி அடைபட்ட இளைஞருக்கு மாற்றுப்பாதை அறுவை உதவலாம் என்பதால் அங்கே முடிவு உண்மையிலேயே சிகிச்சையை மாற்றும். திருமணத்தை ரத்துசெய்யக் கோரும் குடும்பநல வழக்குகளிலும் இந்தத் தாள் வந்து நிற்கும். பத்தாவது நிமிட எண்ணை வைத்து ஒருவரை ஆண்மையற்றவர் என்று சொல்வது பெரிய அநீதி.

ஊசிக்குப் பிறகு விறைப்பு அடங்கும்வரை அவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. நான்கு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது அவசர சிகிச்சை. தேங்கிய ரத்தத்தை உறிஞ்சி எடுத்து ஃபினைலெஃப்ரின் செலுத்த வேண்டியிருக்கும், தாமதித்தால் திசு நிரந்தரமாகக் கெடும். அதைச் செய்யத் தெரிந்தவர் கூப்பிடு தூரத்தில் இல்லாத ஸ்கேன் மையம் இந்த ஊசியைத் தொடக்கூடாது. ரிப்போர்ட்டிலும் எண்களுக்கு மேலே எந்த மருந்து, எவ்வளவு, எத்தனையாவது நிமிடம், அந்த நிமிடத்தில் விறைப்பு எந்த அளவு, வீட்டில் வருவதோடு ஒப்பிட்டால் எப்படி, மறு டோஸ் கொடுத்தார்களா என்பதெல்லாம் எழுதியிருக்க வேண்டும். இவை இல்லாத ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துக் கேட்கும் உரிமை நோயாளிக்கும், எழுதிக்கொடுத்த மருத்துவருக்கும் இருக்கிறது.