எட்டு சதவீதத்தின் குரல்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் போகும் வழியில் முருகப்பா குழுமத்தின் திருவொற்றியூர் கார்போரண்டம் ஆலையைப் பார்க்கும்போதெல்லாம் வள்ளி அருணாசலம் நினைவுக்கு வருகிறார். அந்தக் குழுமத்தின் தாய் நிறுவனமான அம்பாடியில் அவர் குடும்பத்துக்கு 8 சதவீதத்துக்குச் சற்று மேல் பங்கு இருந்தது. 2020 பொதுக்கூட்டத்தில் 91 சதவீதத்துக்கும் அதிகமான வாக்குகள் அவர் இயக்குநராவதற்கு எதிராக விழுந்தன. பங்கு இருப்பதாலேயே நாற்காலி கேட்கச் சட்டம் இடம்தரவில்லை; பெரும்பான்மை சொன்னால் சொன்னதுதான். ஆனால் இயக்குநர்களின் கடமை வாக்களித்த பெரும்பான்மைக்கு மட்டுமல்ல, உறுப்பினர் அனைவருக்கும் என்கிறது நிறுவனங்கள் சட்டத்தின் 166ஆம் பிரிவு. அது மீறப்பட்டு ஒடுக்குமுறை நடந்தால் 241ஆம் பிரிவின்கீழ் தீர்ப்பாயம் போகலாம். பங்கை நியாயவிலைக்கு வாங்கிக்கொள்ளும்படி அது உத்தரவிடவும் முடியும். ஆனால் தீர்ப்பாயம் போவதற்கும் பத்தில் ஒரு பங்கு மூலதனமோ போதிய உறுப்பினர்களோ வேண்டும், இல்லையேல் விலக்கு கேட்க வேண்டும். சந்தையில் விற்க முடியாத பங்கை வைத்திருப்பவருக்கு இந்த வாசற்படி மிக உயரம் என்பேன். வள்ளி தீர்ப்பாயத்தில் தொடுத்த வழக்கு 2023இல் சமரசமானது. குடும்ப நிறுவனம் நடத்துவோரே, விலகுபவருக்கான விலைக்கணக்கை உறவு நன்றாக இருக்கும்போதே நிறுவன விதிகளில் எழுதிவிடுங்கள்.